அம்மாவின் கருத்துரையிலிருந்து: முதலில் செய்ய வேண்டிய நான்கு திருத்தங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சத்துணவுக் கட்டுரைக்கு நம் பேராசிரியர் அம்மா எழுதித் தந்த ஆறு பக்கத்தையும் ஓரக்குறிப்புகளையும் இரண்டு முறை படித்தேன். நீ மலைத்துப் போனதில் வியப்பில்லை. ஒற்றுப்பிழையும் கட்டுரையின் அடித்தளமும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்து, எதைச் சரிசெய்தால் வேறு பல குறிப்புகள் தாமாகவே விழுந்துவிடும் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை இவை மட்டுமே. வரிசையை மாற்றாதே.

1. ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் வாதத்தை முதல் பத்திக்குக் கொண்டு வா.
2. 1995 பற்றிய பத்தி தவறு. திருத்து, 2001-ஐச் சேர்.
3. 1920 பகுதியில் வாழ்க்கை வரலாற்றை வெட்டு, திட்டத்தை விரி.
4. "மதிய உணவால்தான்" என்பது போல வரும் மூன்று இடங்களிலும் குரலைத் தணி.

இனி ஒவ்வொன்றாக.

முதல் திருத்தம். உன் நேரத்தில் பாதி இதற்குத்தான். அம்மா இதை நான்கு இடத்தில், நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார். முதல் பக்க ஓரத்தில் "எங்கே போகிறோம்?" மூன்றாம் பக்கத்தில் "ஆண்டுகளை அடுக்கினால் வரலாறு ஆகாது." ஐந்தாம் பக்கத்தில் உன் வரியொன்றின் கீழ் இரட்டைக் கோடு போட்டு "இதுதானே கட்டுரை! இது ஏன் இங்கே கிடக்கிறது?" கடைசியாக, தனித்தாளில் ஏறக்குறைய ஒரு பக்கம் முழுக்க முன்னுரைகளைப் பற்றி. நீ இவற்றை நான்கு குறைகளாக எண்ணிப் பட்டியல் போட்டிருந்தாய். நான்கும் ஒரே குறைதான்.

அவர் கோடு போட்ட வரி இது: "பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொன்னது." நல்ல வரி. ஆனால் இப்போது உன் கட்டுரை இப்படித் தொடங்குகிறது:

"உணவு மனிதனின் இன்றியமையாத தேவைகளுள் ஒன்று. பண்டைக்காலம் தொட்டே தமிழர் விருந்தோம்பலில் சிறந்து விளங்கினர். பசிப்பிணி போக்குதல் அறமெனக் கருதப்பட்டது."

இந்த மூன்று வாக்கியங்களை எந்தக் கட்டுரையின் தலையிலும் வைக்கலாம், அதனால்தான் இங்கே அவை பயன்படவில்லை. முழுவதும் எடுத்துவிடு. அந்த இடத்தில் ஏறத்தாழ இப்படி வரலாம் (அப்படியே எழுதாதே, உன் நடையில் எழுது):

"1920-இல் சென்னை மாநகராட்சி தன் நிதியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு ஊராரின் நன்கொடையை நம்பியிருந்தது. 1982-இல் மாநில அரசு ஆளும் பணமும் சமையற்கூடமும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குச் சோறு போடுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொன்னது. அந்தப் பதில்கள் ஏன் மாறின என்பதே இக்கட்டுரை."

இதை எழுதி முடித்ததும் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நின்று "இங்கே யார் காசு? யார் பொறுப்பு?" என்று கேள். பதில் சொல்லாத பத்தி அந்தப் பகுதிக்கு வேண்டாதது. 1956 பகுதியில் எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர் என்பதை ஒரு பத்தி முழுக்கச் சொல்கிறாய்; ஒரு தொடர் போதும். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களிடம் ஆதரவு திரட்டியதை ஒரே வரியில் தாண்டிப் போகிறாய். பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இருப்பது அங்கேதான். விரித்து எழுது.

ஓர் எச்சரிக்கை. "ஈகை கடமையானது, கடமை உரிமையானது" என்று நேர்கோடாக எழுத உனக்கு ஆசை வரும். 1956-இன் நன்கொடைக்கு 36 ஆண்டுகள் முன்பே 1920-இல் பொதுப்பணம் வந்துவிட்டது. கோடு வளைகிறது. அந்த வளைவை மறைக்காமல் எழுதினால் கட்டுரை இன்னும் வலுவாகும்.

இரண்டாம் திருத்தம். இந்தக் குறிப்பு நான்காம் பக்க ஓரத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது: "சரிபார்." நீ இதைச் சின்ன வேலைகளோடு சேர்த்துவிட்டாய். ஆறு பக்கத்தில் தகவல் பிழையைச் சுட்டும் குறிப்பு இது ஒன்றுதான், ஆகவே மேலே வர வேண்டும்.

"1995-இல் மத்திய அரசு தமிழ்நாட்டைப் பின்பற்றி நாடெங்கும் மதிய உணவு வழங்கத் தொடங்கியது" என்று எழுதியிருக்கிறாய். 1995 ஆகஸ்ட் 15-இல் தேசியத் திட்டம் தொடங்கியது உண்மை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சமைத்த சாப்பாடு இல்லை; வருகைப்பதிவு 80 விழுக்காடு இருந்தால் மாதத்துக்கு மூன்று கிலோ தானியம். அதை வீட்டுக்குத்தான் எடுத்துப் போனார்கள். நாடெங்கும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-இல் ஆணையிட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த ஆணை அது.

இந்தத் திருத்தம் உன் வாதத்துக்கும் கைகொடுக்கும். மாநில அரசு விரும்பிச் செய்த ஒன்று 2001-இல் நீதிமன்றம் கேட்டு வாங்கும் ஒன்றாகிறது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதையே சட்டமாக எழுதுகிறது. "யார் பொறுப்பு" என்ற கேள்வியின் கடைசிப் பதில் இது. உன் கட்டுரையில் இப்போது இது இல்லவே இல்லை.

மூன்றாம் திருத்தம். இங்கேதான் அம்மா தனக்குத்தானே முரண்படுகிறார் என்று நீ குழம்பினாய். இரண்டாம் பக்க ஓரத்தில் "இது தேவையா? சுருக்கு" என்கிறார். தனித்தாளின் முடிவில் "1920-ஐ இன்னும் சொல், பலரும் மறந்த இடம்" என்கிறார். ஓரக்குறிப்பு எந்த வரிக்கு நேரே இருக்கிறது என்று மறுபடி பார். அன்றைய மாநகராட்சித் தலைவர் தியாகராயரின் இளமை, 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்த கதை, நீதிக்கட்சி எனப்பட்ட அதன் தேர்தல் வெற்றி, இவற்றுக்கு நேரே இருக்கிறது. சுருக்கச் சொன்னது அவற்றைத்தான். இன்னும் சொல்லச் சொன்னது திட்டத்தை: ஆயிரம் விளக்குப் பள்ளி, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு, தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட அரசு ஒப்பாததால் 1925-இல் அது நின்றுபோனது. அந்த நிறுத்தத்தைப் பற்றி நீ எதுவுமே எழுதவில்லை. மனம் இருந்தும் நிதி விதி தடுத்த கதை அது. உன் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கட்டுரையில் வேறில்லை.

சங்கத்தின் கதைக்கு இரண்டு வாக்கியம் போதும். அங்கே மிச்சமாகும் இடத்தை 1925-க்குக் கொடு. சொல் வரம்பும் தாண்டாது.

நான்காம் திருத்தம். அம்மா இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார், நீளத்தைப் பார்த்து இதுதான் பெரிய குறை என்று நினைத்துவிடாதே. வேலை அரை மணி நேரம். "மதிய உணவால்தான் பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது," "மதிய உணவே கல்வியறிவு பெருகக் காரணம்," "சத்துணவு இல்லையேல் எழுத்தறிவு இல்லை" என்று மூன்று வாக்கியங்கள். காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளிகள் திறக்கப்பட்டன, கட்டணம் நீங்கியது, சீருடை வந்தது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. எல்லாப் புகழையும் சோற்றுக்கே கொடுத்தால் இவை என்னவாகும் என்பதுதான் அந்த ஒன்றரைப் பக்கத்தின் சாரம். "பெரிதும் உதவியது," "முக்கியக் காரணங்களுள் ஒன்று" என்று மாற்று. முதல் இடத்தில் மட்டும் மற்றக் காரணங்களை ஒரு வாக்கியத்தில் சொல். மற்ற இரண்டுக்கும் அது போதும்.

இப்போதைக்குத் தொடாதவை: ஒற்றுக் குறிப்புகள் எல்லாம் (பாதி பத்திகள் மாறப் போகின்றன, வியாழன் இரவு ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்), அடிக்குறிப்பு வடிவம், தலைப்பு. சத்துணவு அமைப்பாளர் ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறாரே, அதன் பக்கத்தில் "பிறகு" என்று அவரே எழுதியிருக்கிறார். அருமையான யோசனைதான், ஆய்வேட்டுக்கு வைத்துக்கொள். முடிவுப் பகுதியில் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு "வரலாற்றுச் சிறப்புமிக்க, இணையற்ற" என்று அடைமொழி வைத்திருக்கிறாய். அவற்றை அடித்துவிட்டு 1,545 பள்ளிகள் என்ற எண்ணிக்கையை மட்டும் விடு. அதற்கு மேல் அங்கே வேலையில்லை.

ஒன்றைக் கட்டாயம் காப்பாற்று. 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்ததைப் பற்றி உன் பாட்டி சொன்னதை வைத்து எழுதிய பத்திக்கு நேரே அம்மா "நன்று, இப்படியே" என்று எழுதியிருக்கிறார். குறைகளைத் தேடும் அவசரத்தில் அதை நீ பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். கட்டுரையைக் கலைத்து அடுக்கும்போது அந்தப் பத்தியில் ஒரு சொல்லும் மாற வேண்டாம்.

ஆறாம் பக்கத்தில், 1982 ஜூலை 1 என்ற தேதிக்கு மேல் வெறும் கேள்விக்குறி ஒன்று இருக்கிறது. தேதி சரிதான். கிராமப் பிள்ளைகளுக்கு அன்று தொடங்கிய திட்டம், நகரங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. நீ "தமிழகம் முழுவதும்" என்று எழுதியதைத்தான் கேட்கிறாரோ என்று தோன்றுகிறது. ஊகித்துத் திருத்தாதே. நாளைக் காலை பத்து மணிக்குத் துறையில் இருப்பார், இந்த ஒன்றை மட்டும் நேரில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

அன்புடன்,
அக்கா