சட்டத்தில் ஒன்று, கண்மாய்க்கரையில் ஒன்று: நூறு நாள் வேலை குறித்த வகுப்புக் கேள்விகள்

பொது நிர்வாகம், முதுகலை இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு. நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரிந்து வாருங்கள். "ஊழல்தான் காரணம்" என்ற ஒற்றை வரி விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஊழல் இருக்கிறது. ஆனால் யாரும் ஒரு ரூபாய்கூடத் திருடாத ஊரிலும் இந்தத் திட்டம் சறுக்குகிறதே, அது எப்படி என்பதே நம் கேள்வி.

முதலில் களம். ஊரும் தேதிகளும் விவாதத்துக்காக நான் வைத்தவை. நடைமுறை நீங்கள் எங்கும் காணக்கூடியது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. 2006 பிப்ரவரியில் நாடெங்கும் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது அதில் இருந்த மாவட்டம், அதனால் "புதுசு, இன்னும் பழகவில்லை" என்ற சாக்குக்கு இடமில்லை. 2025 மே 5, திங்கள்கிழமை. 58 குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒருவராக, பெரும்பாலும் பெண்கள், வேலை கேட்டு ஊராட்சி செயலரிடம் மனுக் கொடுக்கிறார்கள். "வச்சுட்டுப் போங்கம்மா, வேலை வந்தா தண்டோரா போடுவோம்" என்கிறார் அவர். ரசீது தரவில்லை. ஜூன் 16 அன்று கண்மாய் வரத்துக்கால் தூர்வாரும் வேலை தொடங்குகிறது. கணினியில் வேலை கேட்ட தேதி ஜூன் 9 என்று ஏறியிருக்கிறது.

1. கணினித் திரையில் பார்த்தால் இந்த ஊராட்சி ஏழே நாளில் வேலை கொடுத்திருக்கிறது, அதாவது முன்மாதிரி ஊராட்சி. உண்மையில் எத்தனை நாள்? கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்கிறது அப்போது நடப்பிலிருந்த 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல். 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84. அந்த 58 குடும்பங்களும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை கேட்டு மனு கொடுத்ததாக வைத்துக்கொண்டு, கைவிட்டுப்போன தொகையைக் கணக்கிடுங்கள்.

2. அந்தத் தொகையை யார் தரவேண்டும்? மாநில அரசு. கூலியைத் தருவது ஒன்றிய அரசு. ரசீதில் தேதி போட்டுக் கொடுப்பவர் யார்? மாநிலத்தின் கீழ் வேலை பார்க்கும் கடைநிலைப் பணியாளர். தண்டம் விழும் இடமும் அதை எழுதும் பேனாவும் ஒரே கையில் இருக்கும்படி சட்டத்தை வடித்தவர்கள் என்ன எதிர்பார்த்திருக்கலாம்? செயலரின் இடத்தில் உங்களை வைத்து எழுதுங்கள். அவருக்கு மேலிருந்து ஒவ்வொரு வாரமும் "எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள்" என்றுதான் கேட்கிறார்கள். "எத்தனை பேர் கேட்டார்கள்" என்று கேட்பதில்லை. (என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்தத் திட்டத்தின் மையம் நூறு நாளும் இல்லை, 336 ரூபாயும் இல்லை. அந்தத் துண்டுச்சீட்டு ரசீதுதான். மறுக்க நினைப்பவர்கள் மறுக்கலாம், காரணத்தோடு.)

3. கூலி. வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வரவேண்டும்; தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. ஆறு நாள் முழுக்கூலி 2,016 ரூபாய் என்றால் தாமதத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். வங்கிக்குப் போய்வரும் பேருந்துச் செலவை இத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு கேளுங்கள்: இது இழப்பீடா, சடங்கா?

இதிலேயே இன்னொன்று. ஊராட்சியிலும் ஊராட்சி ஒன்றியத்திலும் கோப்பு நகரும் வரை ஒரு கட்டம்; பணப்பரிமாற்ற ஆணை டெல்லிக்குப் போனபின் வங்கிக் கணக்கில் ஏறும் வரை இன்னொரு கட்டம். முதல் கட்டத் தாமதம் மட்டுமே கணக்கில் வந்துகொண்டிருந்தது. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிப்பை ஏற்கவில்லை; தொழிலாளிக்குத் தாமதம் தாமதம்தான். நீதிமன்றம் சொன்ன பிறகும் பழக்கம் மாறத் தயங்கியது ஏன்? "அரசியல் விருப்பம் இல்லை" என்று எழுதாதீர்கள். கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடியும்படி மென்பொருள் அமைந்தது என்று பாருங்கள்.

4. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். 2023 ஜனவரியிலிருந்து, தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர, எல்லாப் பணித்தளத்திலும் செல்பேசிச் செயலி வழியாகத்தான் வருகை. சிக்னலுக்காகப் பணித்தளப் பொறுப்பாளர் கண்மாய்க்கரை மேட்டில் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடிக்கிறார். கீழே வேலையை முடித்துவிட்ட பெண்கள் இரண்டாவது படத்துக்காகக் கருவேல நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடு கட்டவேண்டும், பள்ளி விட்டுப் பிள்ளை வரும். வேலையளவுக்குத்தான் கூலி என்கிற திட்டத்தில், வேலை முடிந்தபிறகும் காத்திருக்க வைப்பதன் தர்க்கம் என்ன? போலி வருகையை ஒழிக்கவே செயலி வந்தது. படத்தைப் படமெடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அப்படியானால் இந்தக் கருவி யாரைப் பிடித்தது, யாரை வெயிலில் நிறுத்தியது?

5. சுருக்கமாக விடையளிக்க: 2024 ஜனவரியிலிருந்து ஆதார்வழிப் பணப்பட்டுவாடா கட்டாயம். பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். அது எந்தக் கணக்கு என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. குறையை எந்த மேசையில் சொல்வது: ஊராட்சியா, வங்கியா, ஊராட்சி ஒன்றிய அலுவலகமா?

6. கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்கிறது சட்டத்தின் 17ஆம் பிரிவு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. சிவகங்கை அதில் ஒன்று. தலைவர் நாற்காலியில் தனி அலுவலர். அவரும் வட்டார வளர்ச்சி அலுவலர் நிலையில் உள்ளவர். மே 1 கிராம சபையில் எழுந்து "வேலை வரலை" என்று சொல்லும் பெண் யாரைப் பார்த்துச் சொல்கிறார்? நாளை அவர் வேலை கேட்கவேண்டியதும் அதே அலுவலகத்திடம் என்பதை மறக்காதீர்கள். ஒருகாலத்தில் தலைவர் இருந்தார், வீட்டு வாசலில் போய்ச் சண்டையாவது போடலாம். அந்த வாசல் நிர்வாகவியலில் என்ன பெயரால் அழைக்கப்படும்? "பொறுப்புடைமை" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அது எப்படி வேலை செய்தது, யாருக்கு வேலை செய்யவில்லை என்றும் எழுதுங்கள். தலைவரின் தெருவுக்குள் போகமுடியாத தெருக்காரர்களும் அந்த ஊரில் உண்டு.

7. மறுபக்கம் பேச ஒரு குழு வேண்டும். வேலை தராத நாள்களுக்கு நீங்கள் செயலரைக் குற்றம் சொல்கிறீர்கள். அவரே வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, வீட்டுத் திட்டக் கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் ஆள். மூலப்பொருள் பில் தொகை பல மாதம் வராததால் கடைக்காரர் சிமென்ட் தரமாட்டேன் என்கிறார். கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதத்துக்குள் வேலையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். அவருக்காக வாதாடுங்கள், உண்மையாக.

8. கடைசிக் கேள்வி, வீட்டில் எழுதி வர. 2005 சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச்சட்டம் நிறைவேற்றியது. நாள்கள் 125. பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க இடம். இப்போது மே 5 அன்று மனுவோடு நின்ற அந்தப் பெண்களிடம் திரும்பிப் போங்கள். புதுச்சட்டத்தின் கீழ் அதே செயலருக்கு, தேதி போட்ட ரசீதைக் கொடுக்கும் காரணம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.