மோட்டார் பொறுப்பு

முகாமுக்கு என்னென்ன கொண்டு வரவேண்டும் என்ற பட்டியலில் 'கம்பளி' என்று படித்ததுமே கதிருக்கு முழங்கை மடிப்பில் அரிப்பெடுத்தது. கம்பளி மேலே படவேண்டும் என்றுகூட இல்லை. கீழே நிகழ்ச்சி நிரல் இருந்தது. மூன்று நாள், இரண்டு ராத்திரி. மலையேற்றம், ஓடையில் குளியல், ஒரே கூடத்தில் எல்லாருக்கும் படுக்கை.

ஏழாம் வகுப்பு மொத்தமும் சந்தோஷத்தில் கூச்சல் போட்டது. கதிர் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மலையேற்றம் என்றால் வியர்வை. வியர்வை என்றால் கழுத்தும் முட்டிக்குப் பின்பக்கமும் எரியும். ஓடை என்றால் சட்டையைக் கழற்றவேண்டும். ராத்திரியைப் பற்றி யோசிக்கவே பிடிக்கவில்லை. பகலில் பொறுத்துக்கொள்கிற அரிப்பெல்லாம் விளக்கை அணைத்த பிறகுதான் முழு பலத்தோடு வரும். தூக்கத்தில் சொறிந்து, காலையில் விரிப்பில் ரத்தத் திட்டுகளோடு எழுந்திருப்பான். வீட்டில் அம்மா பேசாமல் விரிப்பை மாற்றிவிடுவாள். அங்கே?

போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "டேய், இது ஒட்டுவாரொட்டிடா" என்று பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனான். அன்றிலிருந்து கதிர் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

அனுமதிப் படிவத்தில் 'உடல்நலக் குறை ஏதேனும்?' என்று ஒரு கட்டம். அம்மா எழுதப் போனாள்.

"வேண்டாம்மா. பி.டி. சார்தான் வாங்குறார். எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிப்பார்."

"சொல்லாம எப்படிடா அனுப்புறது?"

"எழுதினா நான் போகலை."

அவனே பேனாவைப் பிடுங்கி 'இல்லை' என்று எழுதினான். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பி.டி. சாருக்குக் குரலே விசில் மாதிரி இருக்கும். படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதிருடையதில் கொஞ்சம் நின்றார். படிவத்தின் ஓரத்தில், கட்டைவிரல் பிடித்திருந்த இடத்தில், கடுகளவு ரத்தக்கறை. விரல் இடுக்கு வெடித்திருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. சார் அந்த மூலையை மடித்துவிட்டு அடுத்த படிவத்துக்குப் போனார்.

மறுநாள் அசெம்பிளியில் கத்தினார். "கம்பளி யாரும் தூக்கிட்டு வராதீங்க. சுமை. பழைய பருத்திப் போர்வை ரெண்டு போதும். அப்புறம், நகம் வெட்டாதவன் பஸ்ஸில் ஏறமாட்டான். நானே பார்ப்பேன்!"

வேலைப் பட்டியலும் வந்தது. கூடம் பெருக்க நான்கு பேர், பாத்திரம் கழுவ ஆறு பேர், கொடிக்கு இரண்டு பேர். கடைசி வரியில்: 'தண்ணீர் மோட்டார் - கதிர். காலை 4.30.'

"நாலரை மணிக்கா? செத்தேடா" என்று நவீன் சிரித்தான். தண்டனை என்றுதான் கதிரும் நினைத்தான். என்ன தப்பு செய்தோம் என்றுதான் புரியவில்லை.

முதல் நாள் மலையேற்றம் அவன் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் எரிந்தது. ஓடைக்கரையில் சார் விசிலைக் கழற்றினார். "தண்ணிக்குள்ளே எத்தனை தலைன்னு எண்ண ஒருத்தன் கரையில வேணும். கால் மணிக்கு ஒருத்தனா மாறிக்கலாம். யார் முதல்ல?" கதிரின் கை தானாக மேலே போனது. அவன் முறை முடிந்த பிறகும் யாரும் மாற்ற வரவில்லை. சாரும் யாரையும் கூப்பிடவில்லை. முழுக்கைச் சட்டையோடு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தான். சத்தியமாகச் சொல்வதென்றால், இறங்கவேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்தது.

ராத்திரி அவன் பாய் ஜன்னலுக்கு நேர் கீழே. காற்று வந்ததால் உடம்பு சூடாகவில்லை. அரிக்கும்போது சொறியாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். அப்படியும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது.

நாலரைக்கு டார்ச்சோடு மோட்டார் ரூமுக்குப் போனான். காவல்காரத் தாத்தா சாவியோடு காத்திருந்தார்.

"நீதானா அது? இத்தனை வருஷமா மோட்டாரை நான்தான் போட்டேன். இந்த வருஷம் உங்க சார் போன் பண்ணி, ஒரு பையன் வருவான், அவன்கிட்டே சாவியைக் கொடுங்கன்னார். பக்கத்துக் குளியலறையையும் திறந்து விடச் சொன்னார். தாழ்ப்பாள் நல்லா விழுதான்னு வேற கேட்டார்."

தாத்தா கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விட்டார். கதிர் ஸ்விட்சைப் போட்டான். டேங்க் நிரம்ப அரை மணி ஆகும். குளியலறை காலியாக இருந்தது. சோப்புக்குப் பதில் டாக்டர் கொடுத்த வழவழப்பான திரவம். வெதுவெதுப்பான தண்ணீர் கிடையாதுதான், ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் எரிச்சல் அடங்கியது. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வெள்ளைக் களிம்பை முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே நீவினான். அது ஊறக் கொஞ்ச நேரம் விட்டு, சிவந்த இடத்துக்கு மட்டும் சின்ன டியூப், மெல்லிசாக. யாரும் கதவைத் தட்டவில்லை. வீட்டில்கூட இவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை.

திரும்பும் வழியில் சார் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"டேங்க் நிரம்பிச்சா?"

"நிரம்பிடுச்சு சார்."

"ம்." வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ஓடையில் விசிலைக் கால் மணியில் இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, சட்டையோடே இறங்கினான். சட்டையோடு இறங்கியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன காரணமோ.

மூன்றாம் நாள் காலை தாழ்ப்பாள் போட மறந்துவிட்டான். பழகிவிட்ட தைரியம். கையில் களிம்போடு நிற்கும்போது கதவு திறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நவீன்.

"அந்தப் பக்கம் கழிவறையில லைட் எரியலைடா." சொல்லிக்கொண்டே நின்றுவிட்டான். கதிரின் முழங்கையைப் பார்த்தான், முட்டியைப் பார்த்தான். "என்னடா இது?"

கொசுக்கடி என்று சொல்லலாம். அந்தப் பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

"எக்ஸிமா. எங்க பாட்டி கரப்பான்னு சொல்லும்."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

நவீன் யோசித்தான். "அரிக்குமா?"

"ரொம்ப."

"சொறியலாமா?"

"கூடாது. சொறிஞ்சா இன்னும் அரிக்கும்."

"அப்போ எப்படிடா சும்மா இருக்கே?"

"எங்கே இருக்கேன்? சொறிஞ்சிடுவேன்."

நவீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிருக்கும். உள்ளே ஓடிப் போய் வந்த நவீன், கையைக் கழுவிக்கொண்டு கேட்டான். "முதுகுல எட்டுதா உனக்கு?"

"எட்டாது. வீட்டில அம்மா போடுவாங்க."

"கொடு இங்கே. எந்தப் பக்கமா தேய்க்கணும்?"

"மேலேயிருந்து கீழே. தேய்க்காதே, நீவு. டேய், மெதுவாடா!"

மேலே சலசலவென்று சத்தம். டேங்க் வழிந்து, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வாசலில் கொட்டியது. அடுத்த நொடி விசில். உண்மையான விசில்.

"மோட்டாரை அணைங்கடா! ஊர்த் தண்ணியெல்லாம் வழியுது!"

கதிர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி ஸ்விட்சை அணைத்தான். சார் வாசலில் நனைந்த கால்சட்டையோடு நின்றார். பின்னாலேயே வந்த நவீனையும், அவன் கையிலிருந்த களிம்பையும் பார்த்தார்.

"இவன் எதுக்கு இங்கே?"

"உதவிக்கு சார்" என்றான் கதிர்.

"சரி. அந்தத் துடைப்பத்தை எடு. தண்ணியை ரெண்டு பேருமாத் தள்ளிட்டு வாங்க."