17 புள்ளிகள்

பிரபு என்னைக் "கவிதா" என்று கூப்பிட்டால் அன்று எங்களுக்குள் சண்டை இல்லை என்று அர்த்தம். "மேடம்" என்றால் சண்டை. நானும் சளைத்தவள் இல்லை, "பிரபு சார்" என்பேன். அந்த "சார்" காதில் விழுந்ததுமே பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள்.

பம்புகளுக்கு ரப்பர் சீல் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு எங்களுடையது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பதவி உயர்வு முதல் முறை அவருக்குக் கிடைத்தது, அடுத்த முறை எனக்கு. ஆக இப்போது இருவரும் சமம். சமமாக இருப்பதுதான் இன்னும் தொல்லை. ஒரே ரெஜிஸ்டரில் எழுதவிட்டால் சரிவராது என்று ரகு சார் வேலையையே பிரித்துவிட்டார். சோதனையில் தேறாத சீல்கள் பிரபுவின் கணக்கு, தேறியவை என் கணக்கு. இரண்டு வருடமாக அப்படியே போய்க்கொண்டிருந்தது.

புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும், தலைப்பு சேலஞ்சர் விபத்து, ஆளுக்கு இருபது நிமிடம் என்று ரகு சார் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "முதல் பாதி எனக்கு" என்றோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவருக்கு ராக்கெட், எனக்கு மனிதர்கள். அதாவது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எப்படிக் கெட்டது என்பது அவர் பாதி. கெடும் என்று தெரிந்தும் எப்படி ஏவினார்கள் என்பது என் பாதி.

சீல் செய்கிறவர்களுக்கு அந்தக் கதை நெருக்கமானது. 1986 ஜனவரி 28, கடுங்குளிரான காலை. ஏவிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, தன் வேலையைச் செய்யவில்லை. வெளியே கசிந்த சூடான வாயு மீதியைப் பார்த்துக்கொண்டது.

இரண்டு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தயாரித்தோம். பொது ஃபோல்டரில் `challenger_final_prabhu.pptx` வந்தது. மறுநாள் நான் `challenger_final_kavitha_v2.pptx` போட்டேன். (முதல் வெர்ஷன் என்று ஒன்று இருக்கவே இல்லை. அவரைவிட ஒரு படி முன்னால் இருப்பதாகத் தெரியட்டுமே என்றுதான்.)

ஒத்திகையில் எல்லாம் வெளியே வந்தது. ஆளுக்கொரு வரவேற்பு ஸ்லைடு. அதே விபத்து வீடியோ இரண்டு தடவை. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் விசாரணைக் குழுவின் முன் ஓ-ரிங் ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டிய காட்சியை இருவருமே விடவில்லை. ரகு சார் ஒரே சம்பவத்தை இரண்டு முறை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடிவு ஸ்லைடில் பிரபு "காரணம்: குளிர்" என்று போட்டிருந்தார். நான் "காரணம்: குளிர் அல்ல, மனிதர்கள்" என்று போட்டிருந்தேன். அவர் ஸ்லைடை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போட்டதுதான், மறைப்பானேன்.

ரகு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேரும் ரெண்டு வகுப்பு எடுக்கறீங்க. நாளைக்கு ஒருத்தர் வந்தா போதும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

அவர் போய்விட்டார். ஏ.சி. சத்தம் மட்டும் மிச்சம்.

"உங்க பாதியில பொறியியலே இல்லையே மேடம்," என்று பிரபு ஆரம்பித்தார். "அந்த ராத்திரி மீட்டிங்ல யார் யாரைத் திட்டினாங்கன்னு இருபது நிமிஷம் கேட்டுட்டு அவங்க என்ன செய்வாங்க?"

அது என் பாதியின் சிறந்த பகுதி. ஏவுதலுக்கு முந்தைய இரவு தொலைபேசியில் நடந்த கூட்டம். பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் ஒப்பவில்லை. ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று போன நிறுவனம் அரை மணி நேரம் கழித்து, ஏவலாம் என்றது. அந்த அரை மணி நேரத்தில்தான் ஒரு மேலதிகாரி தன் பொறியியல் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இதைத்தான் அவர் திட்டு என்கிறார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சரி பிரபு சார், உங்க கிராஃபைப் பாருங்க. குளிர்தான் காரணம்னு அது எங்க சொல்லுது?"

பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார். கீழ்க்கோட்டில் வெப்பநிலை, 50-இலிருந்து 80 வரை. மேலே, ஓ-ரிங்கில் எத்தனை இடத்தில் சேதம் என்ற எண்ணிக்கை. விபத்துக்கு முன் சேதத்தோடு திரும்பிய பயணங்கள் ஏழு. ஏழுக்கும் ஏழு நீலப் புள்ளிகள்.

"53 டிகிரியில மூணு சேதம். ஒத்துக்கறேன். 57, 58, 63, எல்லாம் ஒண்ணு ஒண்ணு. இங்க பாருங்க, 70-லயும் ஒண்ணு, ரெண்டு பயணத்துல. 75-ல ரெண்டு! நல்ல வெயில்லயே கெட்டிருக்கே. வகுப்புல ஒரு பையன் இதைக் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பேப்பரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். பிரபு வாதத்தில் பாதியில் நின்று நான் பார்த்ததே இல்லை. ஜெயித்த சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை.

"இதையேதான் அன்னைக்கும் கேட்டாங்க," என்றார் கடைசியில். குரலில் "மேடம்" இல்லை. "75-லயும் கசிஞ்சிருக்கே, அப்புறம் எப்படி குளிர்னு சொல்றீங்கன்னு. அவங்களால பதில் சொல்ல முடியல. என்னாலயும் முடியல. ஆனா குளிர்தான். ரப்பரோட வேலை செய்யற யாருக்கும் தெரியும்."

தெரியும்தான். தெரிவது வேறு, காட்டுவது வேறு.

நான் என் ஸ்லைடுகளைப் புரட்டினேன். எதையோ தேடினேன் என்று சொல்ல மாட்டேன், கை சும்மா இருக்க முடியாமல்தான். அதிகாரிகளுக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று காட்ட ஓர் அட்டவணை வைத்திருந்தேன். ஓ-ரிங்கில் ஒரு கீறலும் இல்லாமல் முடிந்த பதினேழு பயணங்கள், ஒவ்வொன்றின் வெப்பநிலையோடு. "நல்லாத்தானே போயிட்டிருந்தது" என்ற மனநிலைக்கு ஆதாரமாகப் போட்டது. வெப்பநிலைப் பத்தியை அட்டவணை நிறைவாகத் தெரியட்டும் என்று சேர்த்திருந்தேன். அதை நானே ஒழுங்காகப் படித்ததில்லை.

66, 67, 67, 67, 68...

"பிரபு, உங்க கிராஃப்ல ஏன் இந்தப் பதினேழும் இல்ல?"

"சேதம் இல்லையே. பூஜ்யம். அதைப் போட்டு என்ன பண்ண?"

"பேனா குடுங்க."

கொடுத்தார். சிவப்புப் பேனா, அவர் ரிஜெக்ட் முத்திரைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற பேனா. நான் வாசிக்க வாசிக்க அவரே குறிக்கிறேன் என்று திரும்ப வாங்கிக்கொண்டார். அதுவும் பிரபுதான். நான் வெப்பநிலையைச் சொன்னேன், அவர் பூஜ்யக் கோட்டின் மேல் புள்ளி வைத்தார். 69. 70. 72. ஒன்பதாவது புள்ளியில் அவர் கை மெதுவானது. பதினேழாவதை வைத்ததும் பேனாவை மூடாமலே கீழே வைத்தார்.

சிவப்பு அத்தனையும் வலப்பக்கம். 66-க்கு இடப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அங்கே இருந்தவை நான்கே பயணங்கள், நான்கும் சேதத்தோடு வந்தவை. 66-உம் அதற்கு மேலும் மொத்தம் இருபது, அதில் சேதம் மூன்றுதான்.

"நாலுக்கு நாலு," என்றார் பிரபு.

"இருபதுக்கு மூணு," என்றேன்.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் இது இருக்கிறது. சேதமான பயணங்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, சேதமாகாதவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியே இருக்கிறார்கள். இரண்டு பேரும் அந்த அறிக்கையைப் படித்திருந்தோம். அவரவர் பாதிக்கு வேண்டியதை மட்டும்.

"ஏவின அன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"காத்து 36 டிகிரி."

அவர் பேனாவை இடப்பக்கம் நகர்த்தினார். 55, 50, அதோடு பேப்பர் முடிந்துவிட்டது. இன்னொரு தாளை எடுத்து ஒட்டினோம். டேப்பை நான் பிடிக்க, அவர் ஸ்கேலால் கோட்டை நீட்டினார். இரண்டாவது தாளில் வெகுதூரம் போய், எந்தப் புள்ளியும் துணைக்கு இல்லாத இடத்தில், 36-இல் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

ராத்திரி ஒன்பதரை வரை இருந்தோம். ஒற்றுமையாக இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துருவுக்குச் சண்டை, அவருடைய நீலப் பின்னணிக்குச் சண்டை, ஐஸ் தண்ணீர் யார் கைக்குப் போகும் என்பதற்குப் பெரிய சண்டை. அது அவருக்குப் போனது. பதிலுக்கு வீடியோவைத் தூக்கச் சொன்னேன். அவர் நாற்பது ஸ்லைடும் என் முப்பதும் பதினெட்டாயின.

மறுநாள் பிரபு ஏழு நீலப் புள்ளிகளைத் திரையில் போட்டார். "நாளைக்குக் குளிரா இருக்கும். ஏவலாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். நிறுத்துவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. நான் எழுந்து அந்த இரவு நடந்ததைச் சொன்னேன். தொப்பிக் கதைக்குச் சிலர் சிரித்தார்கள். பிறகு சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். பதினேழும் விழுந்து முடிந்ததும் பிரபு திரையை இடப்பக்கம் நகர்த்தினார். நகர்ந்துகொண்டே போனது. யாரும் சிரிக்கவில்லை. அதே நேரத்தில் அவர் கிளாம்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டிருந்த ரப்பர் துண்டை எடுத்து விடுவித்தார். அது அமுங்கியபடியே கொஞ்ச நேரம் கிடந்தது.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது.

"நம்ம சீல் சோதனையில தேறினது, தேறாதது ரெண்டையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பார்க்கிறோமா சார்?"

பிரபு என்னைப் பார்த்தார். நான் ரகு சாரைப் பார்த்தேன். ரகு சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

மத்தியானம் பிரபு என் மேஜைக்கு வந்தார், கையில் இரண்டு வருட ரிஜெக்ட் ரெஜிஸ்டர்களோடு.

"கவிதா, உங்களோடது எந்த அலமாரி?"

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.