காயம் காரணமாக ஜிம் உறுப்பினர் கட்டணத்தை நிறுத்திவைக்கக் கோரிக்கை

08.03.2025

மேலாளர் அவர்களுக்கு,
அண்ணா நகர் கிளை, சென்னை.

பொருள்: உறுப்பினர் எண் 2147 – 42 நாள் ஃப்ரீஸ்

வணக்கம்.

மார்ச் 6 அன்று பேட்மின்டன் ஆடும்போது என் வலது கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் பாதியளவு கிழிந்துவிட்டது (கிரேடு 2). ஆறு வாரம் காலில் பாரம் ஏற்றும் பயிற்சி எதுவும் கூடாது என்கிறார் எலும்பு மருத்துவர். மேல் உடம்புக்கு மட்டும் வரலாமே என்று தோன்றலாம். டம்பெல்லை எடுத்து வைப்பதற்கே காலை ஊன்ற வேண்டும், அரைகுறையாக ஆறிய தசைநார் மறுபடி பிசகும்.

எனவே மார்ச் 10 முதல் ஏப்ரல் 20 வரை நிறுத்திவைத்து, செப்டம்பர் 30-இல் முடியும் ஆண்டுச் சந்தாவை நவம்பர் 11 வரை நீட்டித்துத் தாருங்கள். மீதமுள்ள 8 பர்சனல் டிரெய்னிங் வகுப்புகளும் காலாவதியாகக் கூடாது. லாக்கர் வாடகை ₹300 தானாகப் பிடிக்கப்படுகிறது. ஏப்ரல் 5 தவணையை மட்டும் நிறுத்துங்கள்.

மருத்துவரின் பதிவு எண், முத்திரை, ஓய்வுக் காலம் உள்ள சான்றிதழை இணைத்துள்ளேன். திரும்பும்போது உடற்தகுதிச் சான்று தருகிறேன். குணமாகத் தாமதமானால் ஏப்ரல் 15-க்குள் தெரிவிப்பேன். புதிய முடிவுத் தேதியை மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
க. செந்தில்குமார்

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் (07.03.2025), 1 பக்கம்