நான்காம் மாடி பார்வதி அக்காவுக்கு

ரங்கூன்
ஆனி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள பார்வதி அக்காவுக்கு,

வணக்கம். மேலே வந்து நேரிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் விடிவதற்குள் கடைக்குக் கிளம்பி, இருட்டியபிறகு களைத்துப்போய் வருகிறீர்கள். அந்த நேரத்தில் மாடிப்படியில் நிறுத்திப் பேச மனசு வரவில்லை. அதுவும் நம் படிக்கட்டில் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு மாடிக்கும் கேட்கும். இது நம் இரண்டு வீட்டுக்குள் பேசி முடிக்கிற சின்ன விஷயம். அதனால் எழுதி, தெருவுக்குத் தொங்கும் உங்கள் மணிக்கயிற்றின் கிளிப்பில் மாட்டி வைக்கிறேன். கூட இருக்கும் பையில் எலுமிச்சை ஊறுகாய். தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று காரம் குறைத்துப் போட்டேன்.

விஷயம் இதுதான் அக்கா. உங்கள் பால்கனிக் கொடியில் போடுகிற ஈரத்துணி சொட்டிச் சொட்டி, கீழே எங்கள் கொடியில் காய்கிற துணி மேல் விழுகிறது. மழை நாளில் எது மழை, எது சொட்டு என்று முதலில் எனக்கும் தெரியவில்லை. அப்புறம் பார்த்தால், மழையே இல்லாத காலையிலும் என் துணி மட்டும் நனைந்திருக்கிறது. தொட்டு மோந்தால் சோப்பு வாசம். உங்கள் கம்பி நடுவில் தொய்ந்திருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்துத் துணியின் தண்ணீரும் கம்பியோடு வழிந்து வந்து நடுவில் சேர்ந்து விழுகிறது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் கொடியின் நடு. இந்த மாதங்களில் அடிக்கிற தென்மேற்குக் காற்று கொஞ்சம் பலமாக வந்தால் பால்கனி உள்பக்கம் வரைக்கும் சிதறுகிறது.

வெறும் தண்ணீர் என்றால் இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் தம்பிக்குப் புது லுங்கி எடுத்தீர்களே, பள்ளிக்கூடப் பச்சை, அது முதல் சலவையில் சாயம் விட்டிருக்கிறது. என் மகளுடைய வெள்ளைச் சட்டை அதற்கு நேர் கீழே இருந்தது. தோளிலும் காலரிலும் இலைச் சாறு தெறித்த மாதிரி பச்சைப் புள்ளிகள். சோப்பில் ஊறவைத்துத் தேய்த்ததில் தோள் வெளுத்துவிட்டது. காலர் மடிப்பில் மட்டும் லேசாக நிற்கிறது. மடித்துப் போட்டால் தெரியாது. சட்டைக்குப் பணம் கொடுக்கிறேன், புதுசு வாங்கித் தருகிறேன் என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள், அதற்காக எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற அதே பச்சைத் தமெயின் இருக்கிறது, அது எப்படிச் சாயம் விடும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மேலே வெள்ளை, கீழே பச்சை போட்டுத்தானே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஜூன் மாதம் வந்தால் எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் அந்த இரண்டு நிறம்தான். ஆனால் அவளுக்கு வெள்ளைச் சட்டை இரண்டுதான் இருக்கிறது. ஒன்றைத் துவைத்துப் போட்டால் அது மறுநாளைக்குள் காய்ந்தாக வேண்டும். மழைக்காலத்தில் காய்வதே பெரும்பாடு. பாதி காய்ந்தது மறுபடியும் நனைந்தால், அடுப்பு மேல் காட்டி அவசரமாக உலர்த்திப் போட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. பிள்ளை அரை ஈரத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அதுதான் உண்மையான காரணம்.

உங்கள் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் நன்றாகப் பிழிந்து போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கரண்டுதான் பாடாய்ப் படுத்துகிறது. வந்த நேரத்தில் மோட்டார் போட்டு மேல் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், மிஷினில் துணி போட வேண்டும். மிஷின் சுற்றிப் பிழிவதற்குள் கரண்டு போய்விட்டால், தண்ணீரோடு இருக்கிற துணியைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடத்தான் வேண்டும். நூல் துணி தன் எடைக்கு மேலே தண்ணீர் குடிக்கும். துண்டு, படுக்கை விரிப்பு, ஜீன்ஸ் எல்லாம் கேட்கவே வேண்டாம். ஒருத்தர் கையால் எவ்வளவு முறுக்கினாலும் அது இறங்காது. போன கோடையில் எங்கள் மோட்டார் எரிந்துபோனபோது, கேட்கிறதற்கு முன்னால் நீங்களே ரப்பர் குழாயை மேலிருந்து இறக்கி, எங்கள் அண்டா நிறைய தண்ணீர் விட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட அக்காவிடம் மனசில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதைவிட, வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யலாம்.

முதலில் நேரம். எனக்குக் காலை வெயில் போதும், அதுவும் வந்தால். விடிந்ததும் என் துணியைப் போட்டு மதியம் ஒரு மணிக்கெல்லாம் எடுத்துவிடுகிறேன். அதற்கப்புறம் கொடி முழுக்கக் காலியாக இருக்கும். நீங்கள் சாயங்காலம் வந்து துவைத்துப் போட்டால், ராத்திரியெல்லாம் எவ்வளவு சொட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. காலையில்தான் போட முடியும் என்கிற நாளில் மணிக்கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டுங்கள். சத்தம் கேட்டதும் என் துணியை உள்ளே இழுத்துக்கொள்வேன். நான் பெரும்பாலும் சமையலறையில்தான் இருப்பேன், நன்றாகக் கேட்கும்.

அடுத்தது, சாயம் விடுகிற துணி. புது லுங்கி, புதுத் தமெயின், கருப்பு, கருநீலம் இதையெல்லாம் முதல் சில சலவைக்குத் தனியாகத் துவைத்து, குளிக்கிற அறையிலேயே குழாயில் மாட்டி, கீழே ஒரு வாளி வைத்து, சொட்டு நின்றபிறகு வெளியே கொண்டுவந்தால் பெரிய உதவியாக இருக்கும். அரைமணி தொங்கினாலே பாதித் தண்ணீர் இறங்கிவிடும். கனமான துணிக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: காய்ந்த துண்டை விரித்து, அதன்மேல் ஈரத்துணியைப் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, காலால் மிதித்துவிடுவேன். துண்டு நனைந்துவிடும், ஆனால் துணி சொட்டாது. ஜீன்ஸுக்கு இதுதான் சரி. விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். தம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மாதானே படியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் இல்லையென்றால் என் மகளை அனுப்புகிறேன்.

இன்னொன்று. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மற்றவர் வாயால் கேட்பதைவிட என்னிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம் கட்டடத்து முதல் மாடியில் இருக்கிற பர்மியப் பெரியவர் தெருவில் இறங்கினதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சுவர் ஓரமாக ஒதுங்கிச் சுற்றிப் போகிறார். பெண்கள் கட்டுகிற தமெயின் தலைக்கு மேல் தொங்கினால் ஆண்களுடைய ‘போன்’, அதாவது ஆண்களுக்கே உரிய மகிமை, குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் அவர்கள் வீட்டுக் கொடிகளில் தமெயினைத் தாழ்வாக, ஒரு ஓரமாகப் போடுகிறார்கள். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து சொட்டும் தண்ணீர் அவர் தலையில் விழுந்தால் அந்த மனிதருக்கு உண்மையிலேயே மனசு நோகும். தமெயினை மட்டும் பால்கனிக்கு உள்ளே இருக்கிற தாழ்ந்த கயிற்றில் போட்டுவிட்டால் அந்தச் சங்கடம் தீரும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நம் ஊர் வழக்கத்தில் இதை இவ்வளவு பார்ப்பதில்லைதான். ஆனால் இத்தனை தலைமுறையாக அவர்களோடு ஒரே சுவரில் வாழ்கிறோம், இதில் பிடிவாதம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகக் கம்பி. அதை இழுத்துக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். கம்பி தொய்யாமல் இருந்தால் தண்ணீர் ஒரே இடத்தில் சேராது, துணிக்குத் துணி தள்ளித் தள்ளி விழும், காற்றும் நன்றாக உள்ளே போகும். அதைவிட நல்லது, கம்பிக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழி. லுங்கியையும் தமெயினையும் கழிக்குள் நுழைத்துப் போட்டால் துணி சுருங்காமல் விரிந்து நிற்கும். மடித்துப் போடுவதைவிடச் சீக்கிரம் காயும். தெருவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிற அந்த இரும்புத் தாங்கியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் பொருத்தினால், கம்பி கைப்பிடிக்கு உள்பக்கம் வந்துவிடும். அப்போது சொட்டு உங்கள் தரையிலேயே விழுந்து உங்கள் தண்ணீர்க் குழாய் வழியாக இறங்கிவிடும். எங்கள் கொடிக்கு வரவே வராது. தரை நனைகிறதே என்று யோசிப்பீர்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாக விரித்துவிட்டால், தண்ணீர் ஓட்டைப் பக்கமாகவே போய்விடும்.

இதற்கு நீங்கள் ஆள் தேட வேண்டாம். என் தம்பி கம்பி வேலை, சுவர் வேலை எல்லாம் செய்கிறவன், டிரில் மிஷின் வைத்திருக்கிறான். தெய்ஞ்சி பஜார் பக்கம் போகும்போது கழியும் கயிறும் நானே வாங்கி வந்துவிடுகிறேன். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம். நன்மை எனக்கும்தானே. அவனையே எங்கள் கொடியையும் பார்க்கச் சொல்லப்போகிறேன், அது இரண்டாம் மாடியில் சொட்டுகிறதா என்று. அங்கே இருக்கிற ஆத்தா ரொம்ப நல்லவர், சொட்டினாலும் சொல்லமாட்டார்.

பிள்ளைகள் காதில் இது எதுவும் விழ வேண்டாம் அக்கா. தம்பி லுங்கியால்தான் சட்டை கறையானது என்று தெரிந்தால் இரண்டும் படியில் சண்டை போட்டுக்கொள்ளும். மகளிடம் நான் மழைக்கறை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் கரண்டு எந்த நேரம் வரும் என்று கேட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு என் தம்பியை வரச் சொல்கிறேன். கரண்டு இல்லாமல் டிரில் ஓடாது. சரி என்றால் என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேறு நாள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். அன்று காலை உங்கள் கொடியில் துணி எதுவும் போடாமல் வைத்திருந்தால் அவனுக்கு வேலை சீக்கிரம் முடியும்.

அன்புடன்,
மூன்றாம் மாடி ஜெயா