செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வராது

குடியிருப்போருக்கு வணக்கம்.

குடிநீர் அலுவலகம் அனுப்பிய அறிவிப்பை நேற்று லிஃப்ட் பக்கத்தில் அப்படியே ஒட்டினேன். அது இது:

"பிரதானக் குழாயில் ஏற்பட்டுள்ள நீர்க்கசிவைச் சீரமைக்கும் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதன் காரணமாக, 14.07 அன்று காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை மேற்படி பகுதிகளுக்கான குடிநீர் விநியோகம் தற்காலிக நிறுத்தம் செய்யப்படுகிறது. பொதுமக்கள் முன்கூட்டியே தேவையான குடிநீரைச் சேமிப்பு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவசரத் தேவைகளுக்கு லாரிகள் மூலம் விநியோகம் மேற்கொள்ளப்படும்."

மாலையே இரண்டாவது மாடிப் பாட்டி என்னை நிறுத்தி, "இவ்வளவு எழுதியிருக்காங்களே, தண்ணி வருமா வராதா?" என்று கேட்டார். சரி, நாமே மாற்றி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். 'நிறுத்தம் செய்யப்படுகிறது' என்பதை 'மூடுவார்கள்' என்று மாற்றுவது சுலபம். 'விநியோகம் மேற்கொள்ளப்படும்' என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'லாரி வரும்' என்று எழுதினால் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டுமே! அறிவிப்பில் அது இல்லை. போன் போட்டுக் கேட்டு எழுதியது கீழே.

பிள்ளையார் கோயில் முனையில் பெரிய குழாய் ஒழுகுகிறது. அதைத் தோண்டிச் சரிசெய்யப் போகிறார்கள். அதற்காக ஜூலை 14, செவ்வாய் காலை 6 மணிக்கு வால்வை மூடுவார்கள். புதன் காலை 6 மணிக்குத் திறப்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் முன்னதாகவே திறப்பார்களாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

திங்கள் இரவே சம்ப்பை நிரப்பிவிடுவோம். செவ்வாயன்று காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அரை மணி நேரம் மட்டும் மோட்டார் போடுவோம். அப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதைத் திங்களன்றே குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். போர் தண்ணீர் எப்போதும்போல வரும். பாத்ரூமுக்கு அது போதும். வாஷிங் மெஷினை வியாழனுக்குத் தள்ளிப்போடுங்கள்.

செவ்வாயன்று காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ரேஷன் கடை எதிரில் லாரி நிற்கும். குடம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தூக்க முடியாதவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள்; அவர் கொண்டுவந்து தருவார்.

புதன் காலையில் முதலில் கலங்கலாகத்தான் வரும். அதைச் சம்ப்பில் விடாமல் வெளியே விட்டுவிடுவோம். தெளிந்த பிறகும் ஒரு நாள் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

பழைய காகிதம் வேண்டுமானால் சங்க அறையில் இருக்கிறது.

செயலாளர், குடியிருப்போர் சங்கம்