ஒரு ஷிப்ட் கூலி

கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகளில்தான் செல்வத்தின் டீக்கடையில் நல்ல வியாபாரம் நடந்தது. இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டேரியின் பழைய ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து, "எல்லாம் போய்விட்டது" என்று பெருமூச்சு விடும்போது அவரும் சேர்ந்து தலையாட்டுவார். ஆனால் மகளின் பி.காம். கட்டணம், கடைக்கு மேலே புதுத் தகரம், மனைவியின் கண் அறுவை சிகிச்சை எல்லாமே அந்தக் கட்டடங்கள் கொடுத்தவை.

கடை அப்பா வைத்தது. அப்போது எதிரே பின்னி மில். சங்கு ஊதினால் போதும், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களுமாகத் தெருவே காக்கித் துணி போல ஒரே நிறமாகிவிடும். எல்லாருக்கும் மாதக் கணக்கு. சம்பள நாளில் நோட்டைத் திறந்தால், கேட்காமலே காசு வரும். 1996-இல் மில் மூடப்பட்டபோது அந்த நோட்டில் பாக்கி நின்ற பெயர்கள் நான்கு பக்கம். அப்பா கேட்கவில்லை. யாரிடம் இருந்தது கொடுக்க? அதன் பிறகு பல வருடம் கடை ஓடியது என்று சொல்ல முடியாது, திறந்திருந்தது.

பிறகு மில் காம்பவுண்டைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். பூமியைக் குடையும் இயந்திரம் வந்தது. பின்னாலேயே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பையன்கள் வந்தார்கள். டீயில் சர்க்கரை தூக்கலாக வேண்டும் அவர்களுக்கு. செல்வம் பத்து நாளில் இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டார். வடையோடு சமோசாவும் போட்டார். தளம் போடும் இரவுகளில் கான்கிரீட் லாரிகள் வரிசையில் நிற்கும். விடிய விடியக் கேனில் டீ போகும். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அவருக்கு நூறு இருநூறு கூடியது. ஒரு டவர் முடிந்து வண்ணம் பூசியதும் ஐம்பது பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிறுசேரிப் பக்கம் போய்விடுவார்கள். ஆனால் அடுத்த டவருக்கு ஆள் வரும். கடைசி டவருக்குப் பிறகுதான் வரவில்லை.

குடிவந்தவர்கள் கீழே வருவதில்லை. லிப்ட் நேராகக் கார் நிற்கும் இடத்துக்கு இறங்குகிறது, கார் நேராக வெளியே போகிறது. கண்ணாடி ஏற்றிய கார்களுக்கு டீ விற்க முடியாது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் வாட்ச்மேன்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆர்டர் வரும்வரை வண்டியில் சாய்ந்து நிற்கும் உணவு டெலிவரி பையன்கள். பக்கத்துத் தையல் கடை டைல்ஸ் கடையாகிவிட்டது. வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். ஒரே லாபம், முன்பு மாலை வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய் இப்போது வேண்டாம். மூன்று மணிக்கே டவரின் நிழல் கடைக்கு வந்துவிடுகிறது.

தினமும் வருகிற பழைய ஆள் கன்னியப்பன் ஒருவர்தான். நெசவுப் பிரிவில் இருபத்தேழு வருடம் தறி ஓட்டியவர். அவருடைய தாத்தா, 1921-இல் ஆறு மாதம் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். திரு.வி.க. பேசியதைக் கேட்டவர் என்று கன்னியப்பன் சொல்வார். எதிரில் இருப்பவர் சோர்ந்துபோகும் வரை சொல்வார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் டவர் சங்கத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு நடந்தே வந்தாள்.

"அண்ணா, பொங்கல் விழாவில் கிராமத்து டீக்கடை செட் போடுகிறோம். நீங்கள் வந்து டீ ஆற்றித் தர வேண்டும். மாலை நான்கிலிருந்து எட்டு வரை."

"இது கிராமமில்லையே, அம்மா. ஓட்டேரி."

"அந்த பீல் வரவேண்டும், அவ்வளவுதான். தலையில் துண்டு கட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும்."

துண்டு முடியாது என்றார் செல்வம். பேசிய தொகை நாலாயிரம். பெஞ்சிலிருந்து கன்னியப்பன் எழுந்தார்.

"உதவிக்கு ஆள் வேண்டாமா? நான் வருகிறேன்."

"நைனா, கிளாஸ் கழுவ வேண்டியிருக்கும்."

"கழுவுகிறேன். உள்ளே போகணும், தம்பி."

கேட்டில், தினமும் கடனுக்கு டீ குடிக்கும் வாட்ச்மேன் திலீப் நோட்டை நீட்டினான். பெயர், போன் நம்பர், எந்த வீடு. "வேலை போய்விடும், அண்ணா" என்று மெதுவாகச் சொன்னான். எந்த வீடு என்ற இடத்தில் செல்வம் 'டீக்கடை' என்று எழுதினார். கன்னியப்பன் குனிந்து நிதானமாக எழுதினார்: நெசவு.

உள்ளே தென்னங்கீற்றுக் கொட்டகை, பழைய சினிமா போஸ்டர், பாடாத ரேடியோ. காஸ் அடுப்புக்கு அனுமதி இல்லையாம். மின்சார அடுப்பு கொடுத்தார்கள். பால் கொதித்து மேலே வருவதற்குள் அடுப்பு தானாக அணைந்துகொண்டது. டிகாஷன் வெளுத்து இறங்கியது. செல்வத்துக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அதைக் கவனிக்க யாருமில்லை. குவளையைத் தலைக்கு மேல் தூக்கியதும் போன்களும் மேலே போயின. "இன்னொரு முறை, அண்ணா, இன்னும் உயரமாக." ஆற்றி ஆற்றி டீ ஆறியேபோனது.

ஆறு மணிக்குக் கழுவாத கிளாஸ் குவிந்தது. கன்னியப்பனைக் காணவில்லை.

பின்பக்கம் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதிலிருந்து கிழக்கே ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு கிழவர் நடந்துகொண்டிருந்தார். பூச்செடி வந்தால் தாண்டினார். நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்றார்.

"என் தறி இங்கே" என்று தண்ணீரைக் காட்டினார். "அந்த ஏணிப் பக்கம் ஜோபுடையது."

குளிக்க வந்த இரண்டு பிள்ளைகள் நின்று பார்த்தன.

"தாத்தா, தறி என்றால்?"

"துணி நெய்கிற மெஷின். ஆயிரம் மெஷின் ஒன்றாக ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் கையால்தான் பேசுவோம்." கட்டை விரலை உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்தார். "இது டீ." இரண்டு விரலால் இல்லாத மீசையை நீவினார். "இது மேஸ்திரி வருகிறான், ஜாக்கிரதை."

பிள்ளைகள் மீசையை நீவிப் பார்த்தன. சங்கத்துச் செயலாளர், முழுக்கை சட்டையும் பட்டு வேட்டியுமாக, குளத்தருகே யார் நிற்பது என்று கேட்டபடி வந்தார். பெரிய பையன் உடனே மீசையை நீவினான். கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவர் இப்படிச் சிரித்து செல்வம் பார்த்ததில்லை.

எட்டரைக்குச் செயலாளர் கவரைக் கொடுத்தார். நாலாயிரம் சரியாக இருந்தது.

"இவருக்கு?" என்றார் செல்வம்.

"உதவியாளுக்குத் தனியாகப் பேசவில்லையே."

"பேசவில்லை, சார்" என்றார் கன்னியப்பன். "ஆனால் நான்கு மணிக்குக் கேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டைப் பாருங்கள்."

செயலாளர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஏதோ வேடிக்கை என்று எண்ணியவராக, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். கன்னியப்பன் அதை விளக்கு வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்து மடித்து, சட்டையின் உள்பையில் வைத்தார்.

"எட்டு மணி வரைதானே பேச்சு? இப்போது எட்டரை" என்றார். "அரை மணி நேரம் ஓவர்டைம் நிற்கிறது, சார்."